எட்டாவது எபிசோடுக்கு வந்தது யார்?

வியூஸ் குறைந்தால் தொடரை நிறுத்திவிட வேண்டுமா? யூடியூப் அனலிடிக்ஸில் அதிகம் பேர் கவனிக்காத இரண்டு எண்கள் சொல்லும் கதை.

யூடியூப் சேனல் நடத்தும் எந்தக் குழுவிலும் ஒருநாள் இந்தச் சண்டை வந்தே தீரும். ஆசை ஆசையாகத் தொடங்கிய தொடர். முதல் எபிசோடு 30 ஆயிரத்தைத் தொட்டது. இரண்டாவது 17 ஆயிரம். எட்டாவது 12 ஆயிரத்தில் நிற்கிறது. “ஜனங்களுக்குப் பிடிக்கலண்ணே, விட்டுட்டு வேற பண்ணலாம்” என்கிறார் எடிட்டர். “பிடிச்சவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு தம்பி, கமென்ட்டைப் பாரு” என்கிறார் தொடரை எழுதுகிறவர். இருவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த வரைபடத்தில் விடை இல்லை என்பதுதான் சிக்கல்.

வியூஸ் என்பது தலைகளை எண்ணாது, முகங்களையும் பார்க்காது. 12 ஆயிரம் வியூஸ் என்றால் 12 ஆயிரம் பேர் புதிதாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஒன்பதாயிரம் பேர் ஏழு வாரங்களாக விடாமல் வந்து, எட்டாவது வாரமும் உட்கார்ந்திருக்கலாம். தனி வீடியோவுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமில்லை. தொடருக்கு இதுதான் எல்லாமே. ஏனென்றால், அடுத்த வாரமும் வருவார்கள் என்று நம்பித்தான் ஒரு விஷயத்தைத் தொடராக எடுக்கிறோம். வரமாட்டார்கள் என்றால் அதையே தனித்தனி வீடியோவாக எடுத்துவிட்டுப் போகலாமே!

இந்தக் கேள்வி யூடியூபுக்கு முன்பும் இருந்தது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வாராவாரம் வந்தபோது, எத்தனை பிரதி விற்றது என்று நிர்வாகத்துக்குத் தெரியும். வாங்கியவர் போன வாரம் வாங்கியவர்தானா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். டிவி சீரியலின் டி.ஆர்.பி. குறிப்பிட்ட சில வீடுகளில் பொருத்திய மீட்டரிலிருந்து வரும் கணக்கு. செய்தியில் நாம் பார்ப்பது அதன் ஒற்றை எண்ணை மட்டும்தான். திரும்பி வந்தவர் எத்தனை, புதியவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லும் கணக்கு, வீட்டு மாடியில் கேமரா வைத்துப் படம் எடுக்கும் ஒருவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

அந்த எண்கள் எங்கே இருக்கின்றன?

YouTube Studio-வில் Analytics, அதற்குள் Audience என்ற தாவல். சேனல் முழுமைக்கும் பார்க்கலாம். ஒரு வீடியோவைத் திறந்து அதற்கு மட்டும் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த நாட்களுக்குள் உங்கள் சேனலை முதல் முறையாகப் பார்த்தவர் ‘புதிய பார்வையாளர்’. ஏற்கெனவே பார்த்திருந்து, அந்த நாட்களில் மறுபடியும் வந்தவர் ‘திரும்பி வந்தவர்’. இந்தக் கட்டுரையில் இனி புதியவர், பழையவர் என்றே அழைப்போம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பழையவர் என்றால் உங்கள் சேனலுக்குப் பழையவர், தொடருக்குப் பழையவர் அல்ல. போன வருடம் உங்கள் பிரியாணி வீடியோ பார்த்தவர் இன்று கல்வெட்டுத் தொடரின் ஐந்தாவது எபிசோடைத் திறந்தால் அவர் பழையவர் கணக்கில்தான் வருவார். முதல் நான்கு எபிசோடுகளை அவர் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். அதனால் “பழையவர் 70 சதவீதம், தொடர் ஹிட்” என்று கைதட்டுவது தவறு. பழையவர் எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை இதற்கு மாற்றாகக் கொள்ளவும் முடியாது. பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்கள் உண்டு. பட்டனைத் தொடாமலே வாரம் தவறாமல் வருகிறவர்களும் உண்டு.

ஒரு சேனல், இரண்டு தொடர்கள்

கணக்கு புரிய ஒரு கற்பனைச் சேனலை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கணக்கு போடும் முறை எந்தச் சேனலுக்கும் பொருந்தும்.

ஊர் சுற்றும் சேனல் அது. வெள்ளிக்கிழமைதோறும் கல்வெட்டுத் தொடர்: ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கோயில், ஒரு கல்வெட்டு, 14 நிமிடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘ராத்திரிக் கடை’ தொடர்: நள்ளிரவில் திறந்திருக்கும் பரோட்டா கடைகள். இரண்டும் எட்டு எபிசோடு முடித்திருக்கின்றன. இடையில் செவ்வாய்க்கிழமைகளில் எந்தத் தொடரிலும் சேராத தனி வீடியோக்களும் போட்டிருக்கிறார்கள்.

முதல் வேலை, எல்லா வீடியோக்களுக்கும் ஒரே அளவுகோல். ஒவ்வொன்றுக்கும் வெளியான நாளிலிருந்து முதல் ஏழு நாள் மட்டும் என்று தேதியைக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மற்ற எந்தக் கணக்கும் நிற்காது. முதல் எபிசோடு வெளியாகி இரண்டு மாதமாகிறது. அத்தனை நாளும் தேடலிலும் பரிந்துரையிலும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எட்டாவதுக்கு ஒரு வாரம்தான் வயது. இரண்டின் மொத்த வியூஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தொடரும் சரிவதுபோலத்தான் தெரியும். முகப்பில் வரும் புது வீடியோ பெரும்பாலும் முதலில் சேனலைத் தெரிந்தவர்கள் கண்ணில்தான் படும். தேடி வருகிற புதியவர் மெதுவாக, மாதக்கணக்கில் வருவார். ஆகவே ஏழு நாள் கணக்கு பழையவர்களைப் பற்றி உறுதியாகப் பேசும், புதியவர்களைப் பற்றிப் பாதிதான் பேசும். அதை மனதில் வைத்துக்கொள்வோம்.

கல்வெட்டுத் தொடரின் முதல் ஏழு நாள் கணக்கு இது. முதல் எபிசோடுக்கு 30,000 பேர்: பழையவர் 9,000, புதியவர் 21,000. மூன்றாவதுக்கு 14,500 பேர்: பழையவர் 8,000, புதியவர் 6,500. ஐந்தாவதுக்கு 12,800: பழையவர் 8,300, புதியவர் 4,500. ஏழாவதுக்கு 12,100: பழையவர் 8,700, புதியவர் 3,400. எட்டாவதுக்கு 12,000: பழையவர் 8,900, புதியவர் 3,100.

எடிட்டர் பார்த்த சரிவு உண்மைதான். ஆனால் சரிந்தது யார் என்று இப்போது தெரிகிறது. புதியவர் 21,000-லிருந்து 3,100-க்கு விழுந்துவிட்டார்கள். பழையவர் கிட்டத்தட்ட அசையவே இல்லை. முதல் எபிசோடுக்குக் கிடைத்த கூட்டத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கோயிலுக்காகவோ, தம்நெயிலுக்காகவோ வந்தது. தொடருக்காக வந்ததல்ல.

இங்கே சதவீதத்தில் பேசினால் மோசம் போவோம். பழையவர் பங்கு 30 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாக ஏறியிருக்கிறது. மீட்டிங்கில் காட்ட அருமையான எண். ஆனால் பழையவரில் ஒருவர்கூடக் கூடாமல், புதியவர் வராமல் போனாலே இந்தப் பங்கு ஏறிவிடும். செத்துக்கொண்டிருக்கும் தொடரிலும் இந்தச் சதவீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆட்களை எண்ணுங்கள், பங்கை அல்ல.

ஒப்பிடச் செவ்வாய்க்கிழமை வீடியோ

8,900 பழையவர் என்பது அதிகமா, குறைவா? தொடரை மட்டும் உற்றுப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சேனலில் என்ன போட்டாலும் பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கும் இல்லையா? அவர்களைக் கழித்தாக வேண்டும். அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை வீடியோக்கள். அதே எட்டு வாரங்களில் வெளிவந்த தனி வீடியோக்களின் முதல் ஏழு நாள் பழையவர் எண்ணை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். சராசரி வேண்டாம், ஒரு வீடியோ தாறுமாறாக ஓடியிருந்தால் சராசரியையே அது இழுத்துக்கொண்டு போய்விடும். நம் சேனலில் அந்த நடு எண் தொடக்கத்தில் 6,000, எட்டாவது வாரத்தில் 6,300 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது படம் தெளிகிறது. முதல் எபிசோடுக்கு வந்த 9,000 பழையவர்களில் 6,000 பேர் எதைப் போட்டாலும் வருகிறவர்கள். மீதி 3,000 பேர் “என்னமோ புதுசாச் செய்றாங்களே” என்று எட்டிப் பார்த்தவர்கள். அந்த ஆர்வம் மூன்றாவது எபிசோடில் வடிந்து எண் 8,000-க்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஐந்து வாரங்களில் 900 பேர் கூடியிருக்கிறார்கள். அதே காலத்தில் தனி வீடியோக்களில் கூடியது 300 மட்டும். ஆக, சேனல் வளர்ந்ததால் தொடர் வளரவில்லை. தொடர் தன் பங்குக்கு ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், எந்தத் தொடருக்கும் மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு பழையவர் வரிசை எப்படிப் போகிறது என்பதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தாலே போதும். முதலாவதில் இருப்பது ஆர்வக்கோளாறு, இரண்டாவதில் இருப்பது அதன் மிச்சம்.

‘ராத்திரிக் கடை’க்கு வருவோம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஏழு நாளில் சுமார் 60,000 பேர். குழுவில் எல்லோருக்கும் இதுதான் செல்லப்பிள்ளை. ஆனால் அதில் பழையவர் 5,400 பேர்தான். செவ்வாய்க்கிழமை வீடியோவின் 6,000-ஐவிடக் குறைவு! சேனலை ஏற்கெனவே பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினர் பரோட்டாவைக் கண்டதும் தாண்டிப் போகிறார்கள். எட்டு வாரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் வந்துபோன பிறகும், அந்தத் தொடரின் பழையவர் எண் ஏறவில்லை. முதல் வாரம் வந்த சுமார் 54,000 புதியவர்களில் இருபதில் ஒருவர் இரண்டாவது வாரம் திரும்பியிருந்தால்கூட அந்த எண் 2,700 ஏறியிருக்க வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை முறை?

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். Analytics-இல் Advanced mode-க்குள் Groups என்றொரு வசதி இருக்கிறது. எட்டு எபிசோடுகளையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டால், அந்த எட்டையும் சேர்த்து மொத்தம் எத்தனை வியூஸ், எத்தனை தனி நபர்கள் என்று கேட்கலாம். கையால் கூட்டக் கூடாது. எட்டு எபிசோடின் தனி நபர் எண்ணிக்கையைக் கூட்டினால், எட்டையும் பார்த்த ஒரே மனிதரை எட்டுப் பேராக்கிவிடுவோம். தினசரி எண்களைக் கூட்டி வாரக் கணக்கு போடுவதும் இதே தவறுதான். நிறையப் பேர் செய்கிறார்கள்.

கல்வெட்டுத் தொடரின் குழுவில் ஒன்பது வாரத்துக்கு வியூஸ் 1,40,000, பார்த்தவர் 75,000. ஒருவருக்குச் சுமார் 1.9. ‘ராத்திரிக் கடை’யில் வியூஸ் 5,20,000, பார்த்தவர் 4,80,000. ஒருவருக்குச் சுமார் 1.1. நூறு பேர் ஒரு கடையைப் பார்த்தால், இன்னொரு கடையைப் பார்க்கிறவர் பத்துப் பேர்கூடத் தேறவில்லை.

1.9 என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். யாரும் 1.9 எபிசோடு பார்ப்பதில்லை. ஒன்பதாயிரம் பேர் ஏழெட்டு எபிசோடு பார்த்து, மீதி அத்தனை பேரும் ஒன்றோடு நிறுத்தியிருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். எல்லோரும் ஆளுக்கு இரண்டு பார்த்திருந்தாலும் இதே எண்தான் வரும். முதலாவது ஒரு தொடரின் உயிர்நாடி. இரண்டாவது சும்மா வேடிக்கை. எபிசோடுவாரிப் பழையவர் எண்ணோடு சேர்த்து வாசித்தால்தான் எது என்று தெரியும். நம் கணக்கில் எட்டு வாரமும் எட்டாயிரம் சொச்சம் பழையவர் வருவதால், முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதை உறுதிப்படுத்த ஒரு சாட்சி இருக்கிறது. ஆறாவது எபிசோடைத் திறந்து, பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலில் Suggested videos-ஐ விரித்தால், எந்த வீடியோவுக்குப் பக்கத்திலிருந்து இதற்குத் தாவினார்கள் என்று வரிசையாக வரும். கல்வெட்டுத் தொடரில் அந்த வரிசையின் உச்சியில் நான்காவதும் ஐந்தாவதும் எபிசோடுகள் இருந்தால் சங்கிலி கோத்திருக்கிறது என்று பொருள். ‘ராத்திரிக் கடை’யில் அந்த இடத்தில் வேறு சேனல்களின் பரோட்டா வீடியோக்கள் இருந்தால், வந்தவர் பரோட்டாவைத் தொடர்கிறார், உங்களைத் தொடரவில்லை.

புதியவர் ஏன் நிற்கவில்லை?

அப்படியானால் கல்வெட்டுத் தொடருக்கு மாலை போட்டுவிடலாமா? பொறுங்கள். 21,000 புதியவர் 3,100 ஆனது நல்ல செய்தி அல்ல. எந்தத் தொடரிலும் வாராவாரம் கொஞ்சம் பேர் உதிர்வார்கள். வேலை மாறும், பரீட்சை வரும், அலுத்துப்போகும். அந்த இடத்தைப் புதியவர்கள்தான் நிரப்ப வேண்டும்.

எவ்வளவு புதியவர் போதும்? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். வாரம் 350 பழையவர் உதிர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது ஊகம், யூடியூப் இதை நேரடியாகச் சொல்வதில்லை. ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குப் பழையவர் 200 கூடியிருக்கிறார்கள். உதிர்ந்தது போக 200 கூடியது என்றால், சேர்ந்தவர் 550 பேர். முந்தைய எபிசோடின் 3,400 புதியவர்களில் இது ஆறில் ஒருவர். இதே விகிதம் நீடித்தால், புதியவர் சுமார் 2,100-க்கு இறங்கும்போது சேர்கிறவரும் உதிர்கிறவரும் சமமாகிவிடுவார்கள். அதற்குக் கீழே போனால் பழையவர் வரிசையும் சாயத் தொடங்கும். ஐந்தாவது எபிசோடிலிருந்து எட்டாவதுக்குள் புதியவர் 1,400 குறைந்திருப்பதால், அந்த நாள் தூரத்தில் இல்லை.

ஏன் குறைகிறார்கள் என்பதற்கும் அதே அனலிடிக்ஸில் துப்பு இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் எந்த நொடியில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று காட்டும் Audience retention கோட்டைப் புதியவர், பழையவர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்தாவது எபிசோடில் முப்பதாவது நொடியில் பழையவர் நூற்றுக்கு 84 பேர் இருக்கிறார்கள், புதியவர் 51 பேர்தான் என்று வையுங்கள். என்ன ஓடுகிறது அந்த முப்பது நொடியில்? “சென்ற வாரம் நாம் பார்த்த அந்தச் சபைக் கல்வெட்டில்…” என்று ஒரு முன்கதைச் சுருக்கம். பழையவருக்கு அது தெரிந்த கதை, பொறுத்துக்கொள்கிறார். புதியவருக்கு அது தன்னை அழைக்காத வீட்டுக் கல்யாணம். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுகிறார்.

தலைப்பும் ஒரு காரணம். ‘பகுதி 7’ என்று தம்நெயிலில் பெரிதாகப் போட்டால், பார்க்காத ஆறு பகுதிகளின் பாரத்தைப் புதியவர் தலையில் ஏற்றுகிறோம். கோயிலின் பெயரையும் அந்தக் கல்வெட்டின் வழக்கு என்ன என்பதையும் தலைப்பில் வைத்து, வரிசையை பிளேலிஸ்ட்டிடம் விட்டுவிடலாம். தொடர்ந்து பார்க்கிறவருக்கு எண் தேவையில்லை. அவர் உங்கள் முகத்தைப் பார்த்தே வந்துவிடுவார்.

இரண்டு கோடுகளும் எதிர்மாறாகவும் இருக்கலாம். புதியவர் கடைசிவரை இருந்து, பழையவர் பாதியிலேயே போகிறார் என்றால் வேறு நோய்: ஒரே அச்சில் எபிசோடுகளை வார்க்கிறீர்கள். முதல் எபிசோடு பார்க்கிறவருக்கு அது புதுசு. நான்கு பார்த்தவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. தலைப்பை மாற்றினால் இது தீராது. வடிவத்தையே கலைத்துப்போட வேண்டியிருக்கும், அல்லது அதோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் பொய் பேசும் இடங்கள்

பழையவர், புதியவர் கணக்கு பத்தரை மாற்றுத் தங்கம் அல்ல. தனிப்பட்ட உலாவியில் பார்ப்பவரும், பார்த்த வரலாற்றை அழித்துவிட்டவரும், ஓராண்டுக்கு மேல் உங்கள் சேனல் பக்கமே வராதவரும் புதியவராகத்தான் எண்ணப்படுகிறார்கள். வீட்டு டிவியில் ஒரே கணக்கில் அப்பாவும் மகளும் பாட்டியும் பார்த்தால் யார் பழையவர் என்று யூடியூபுக்கு எப்படித் தெரியும்? தனி நபர் எண்ணிக்கை ஒரு மதிப்பீடு. அதனால் 8,700-க்கும் 8,900-க்கும் இடையிலான ஒரு வார வித்தியாசத்தில் ஜாதகம் பார்க்க வேண்டாம். ஐந்து வார ஓட்டத்தைப் பாருங்கள். மேலே நான் போட்ட ஆறில் ஒருவர் கணக்கும் அதே அளவுக்குத் தளர்வானதுதான்.

ஷார்ட்ஸ் போடுகிற சேனல் என்றால் அதைக் கழித்துவிட்டு நீள வீடியோக்களை மட்டும் எடுக்க வேண்டும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் ஒரு ஷார்ட் பட்டாலும் அவர் உங்கள் சேனலுக்கு அறிமுகமானவர் ஆகிவிடுவார். நாளைக்கு அவரே கல்வெட்டைத் திறந்தால் பழையவர். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று யூடியூப் எண்ணத் தொடங்கியதால், அதற்கு முந்தைய ஷார்ட்ஸ் வியூஸோடு இப்போதையதை ஒப்பிடுவதும் வீண். காசு கொடுத்து விளம்பரம் செய்த எபிசோடு இருந்தால் அதையும் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் வந்த புதியவர்கள் வாங்கப்பட்டவர்கள். தீபாவளி வாரம், ஐ.பி.எல். இறுதிப்போட்டி நாள், பொதுத்தேர்வு மாதம் ஆகியவற்றில் வெளியான எபிசோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

சின்னச் சேனல்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு எபிசோடுக்கு நூறு, இருநூறு பேர் வரும் நிலையில் யூடியூப் இந்த எண்களைக் காட்டாமலே விடலாம், காட்டினாலும் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அந்தக் கட்டத்தில் கமென்ட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை எண்ணுவதே நம்பகமான கணக்கு.

2025-இல் யூடியூப் இன்னொரு மாற்றம் கொண்டுவந்தது. திரும்பி வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கடந்த 12 மாதங்களில் ஒன்று முதல் ஐந்து மாதங்களில் வந்தவர் Casual viewers. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ வந்தவர் Regular viewers. நாம் இதுவரை பழையவர் என்று சொன்னது இந்த இருவரையும் சேர்த்துத்தான். இந்தப் புதிய பிரிப்பில் ஒரு பொறி இருக்கிறது. எட்டு வாரத் தொடர் ஒன்று இரண்டு அல்லது மூன்று காலண்டர் மாதங்களைத்தான் தொடும். அந்தத் தொடரால் சேனலுக்கு வந்து, எட்டு எபிசோடையும் ஒரு நொடி விடாமல் பார்த்த பரம ரசிகரும் Casual என்ற பெட்டியில்தான் உட்காருவார். ஆகவே “தொடர் ஓடியும் Regular ஏறவில்லை” என்று முதல் பருவத்தில் குறைபட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. ஏற வழியே இல்லை. இரண்டாவது, மூன்றாவது பருவத்தில்தான் அந்த எண்ணிடம் கேள்வி கேட்கலாம். அதுவரை Casual ஏறுகிறதா என்பதுதான் பார்வை.

தீர்ப்பு

எண்ணைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுவது மனித இயல்பு. தொடரைப் பிடித்தவர் 74 சதவீதத்தைக் காட்டுவார், பிடிக்காதவர் 12 ஆயிரத்தைக் காட்டுவார். அதனால் நிறுத்தும் கோட்டை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. நம் சேனலுக்கு நான் எழுதித் தரும் கோடு இது. கல்வெட்டுத் தொடருக்கு இன்னும் நான்கு எபிசோடு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. முன்கதைச் சுருக்கம் கிடையாது. தலைப்பில் எண் கிடையாது. வேறு எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பன்னிரண்டாவது முடியும்போது முப்பதாவது நொடியில் தங்கும் புதியவர் நூற்றுக்கு 60-ஐத் தாண்ட வேண்டும், புதியவர் எண்ணிக்கை 2,100-க்குக் கீழே போகக் கூடாது. பழையவர் எண், செவ்வாய்க்கிழமை வீடியோவைவிட ஆயிரம்கூட அதிகமில்லாத நிலைக்கு இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் அன்றைக்கே தொடரை முடித்துவிடலாம்.

‘ராத்திரிக் கடை’யைப் பற்றிச் சொன்னால் குழுவில் கோபம் வரும். அறுபதாயிரம் பேர் பார்ப்பதை யார்தான் விடுவார்கள்? விட வேண்டாம். விளம்பர வருமானம் அதிலிருந்துதான் வருகிறது என்றால் மாதம் ஒன்று எடுங்கள், நல்ல கடை கிடைக்கும்போது எடுங்கள். ஆனால் அதற்கு டைட்டில் கார்டு, வாராவார வாக்குறுதி, ஞாயிற்றுக்கிழமை இரவுத் தூக்கத்தைத் தொலைப்பது எதுவும் தேவையில்லை. அடுத்த கடைக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று அதன் 5,400 சொல்லிவிட்டது. மிச்சமாகும் வேலைநாட்களைக் கல்வெட்டுக்குக் கொடுக்கலாம்.

நீங்கள் ஒரு தொடர் தொடங்கப்போகிறீர்கள் என்றால், முதல் எபிசோடை ஏற்றுவதற்கு முன்பே உங்கள் கடைசிப் பத்து தனி வீடியோக்களின் முதல் ஏழு நாள் பழையவர் எண்ணைக் குறித்து, நடு எண்ணைக் கண்டுபிடித்து, தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். எட்டு வாரம் கழித்துப் போடும் சண்டையில் தேவைப்படும் ஒரே ஆவணம் அதுதான்.